ரவுட்டரைக் கேட்காத பிரவுசர்

ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிக்குப் போகும் அண்ணன், ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே வைஃபை. வைரஸ் பரப்பும் தளங்களும் சிறுவர்களுக்கு ஆகாத தளங்களும் இந்த வைஃபையில் திறக்கவே கூடாது என்று அண்ணன் முடிவு செய்கிறான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, டிஎன்எஸ் என்ற கட்டத்தில் இருந்த எண்ணை அழித்துவிட்டு 1.1.1.3 என்று எழுதிச் சேமிக்கிறான். ரவுட்டரை ஒருமுறை அணைத்தும் போடுகிறான்.

1.1.1.3 என்பது கிளவுட்ஃபிளேர் நிறுவனம் குடும்பங்களுக்காக 2020-இல் தொடங்கிய இலவசச் சேவை. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கென்றே அந்த நிறுவனம் ஒரு பெயரை வைத்திருக்கிறது: `malware.testcategory.com`. பெயர்தான் பயமுறுத்தும்; அது வெறும் சோதனைப் பக்கம். தடுப்பு சரியாக இருந்தால் அது திறக்கக் கூடாது.

அண்ணனின் கைப்பேசியில் திறக்கவில்லை. அம்மாவின் கைப்பேசியிலும் இல்லை. தங்கை மடிக்கணினியில் ஃபயர்பாக்ஸைத் திறந்து அதே பெயரைத் தட்டுகிறாள்.

"அண்ணா, நீ தடுத்துட்டேன்னு சொன்ன பக்கம் இங்க ஜம்முனு திறக்குது பாரு!"

"அதெப்படி? நீ வேற வைஃபையில இருக்கியா?"

"நம்ம வைஃபைதான். வேணும்னா நீயே பாரு."

அதே வீடு, அதே வைஃபை, அதே ரவுட்டர். மூன்று கருவிகளில் ஒன்று மட்டும் ஏன் கேட்கவில்லை?

முதலில் அந்தக் கட்டத்தில் எழுதிய எண் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். இணையத்தில் ஒரு கணினி இன்னொரு கணினியை ஐபி எண்ணை வைத்துத்தான் தேடிப் போகும். நமக்கோ எண்கள் நினைவில் நிற்காது, பெயர்கள்தான் நிற்கும். ஆகவே நாம் பெயரைத் தட்டியதும், "இந்தப் பெயருக்கு என்ன எண்?" என்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கணினி புறப்பட முடியும். அப்படிக் கேட்டுச் சொல்லும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் 1983-இல் இதை வடிவமைத்தார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கணினிதான் டிஎன்எஸ் சர்வர். 1.1.1.3 அப்படி ஒரு சர்வர். நல்ல தளத்தைப் பற்றிக் கேட்டால் உண்மையான எண்ணைச் சொல்லும். தடுக்க வேண்டிய தளத்தைப் பற்றிக் கேட்டால் 0.0.0.0 என்று சொல்லும். அந்த எண்ணுக்கு எந்தத் தளமும் இல்லை என்பதால் பக்கம் திறக்காது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த முறையில் தளத்துக்குப் போகும் பாதை எங்கேயும் அடைக்கப்படவில்லை. பொய்யான விலாசம் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். ஆகவே அந்தச் சர்வரிடம் கேட்பவருக்கு மட்டும்தான் தடுப்பு. வேறு சர்வரிடம் கேட்டவருக்குச் சரியான எண் கிடைத்துவிடும். அவர் நேராகப் போய்ச் சேர்ந்துவிடுவார். ரவுட்டரும் அவரை நிறுத்தாது.

அப்படியானால் யாரிடம் கேட்பது என்று முடிவு செய்பவர் யார்? ரவுட்டர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இங்கேதான் எல்லாக் குழப்பமும்.

கைப்பேசியோ மடிக்கணினியோ வைஃபையில் சேர்ந்தவுடன் ரவுட்டர் அதற்குச் சில விவரங்களைக் கொடுக்கும். இன்றைக்கு உன் ஐபி எண் இது. வெளியே போக வேண்டுமானால் என் வழியாகப் போ. இத்தனை மணி நேரத்துக்குப் பிறகு இந்த எண்ணைப் புதுப்பித்துக்கொள். பெயருக்கு எண் கேட்க வேண்டுமானால் இவரிடம் கேள். இப்படிக் கொடுக்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். அண்ணன் மாற்றியது கடைசி விவரத்தை மட்டும். பல வீடுகளில் ரவுட்டர், "என்னிடமே கேள், நான் விசாரித்துச் சொல்கிறேன்" என்று 192.168.1.1 போன்ற தன் எண்ணையே கொடுத்துவிட்டு, பின்னால் 1.1.1.3-இடம் தான் போய்க் கேட்கும். எப்படியானாலும் ரவுட்டர் செய்வது ஒரு பரிந்துரை. "இவரிடம் கேள்" என்கிறது. "இவரிடம் மட்டும்தான் கேட்க வேண்டும், வேறு யாரிடமும் கேட்டால் விடமாட்டேன்" என்று சொல்வதில்லை.

விண்டோஸ், ஆண்ட்ராய்டு போன்ற இயங்குதளங்கள் இந்தப் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் பிரவுசர்களும் இயங்குதளத்திடம் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தன. பிரவுசர் இயங்குதளத்தைக் கேட்கும், இயங்குதளம் ரவுட்டரைக் கேட்கும், ரவுட்டர் வெளியே கேட்கும். அதனால் ரவுட்டரில் ஒரு எண்ணை மாற்றினால் வீடு முழுக்க மாறியது. பல ஆண்டுகள் இப்படியே இருந்ததால், ரவுட்டருக்குத்தான் அதிகாரம் என்று எல்லாரும் நம்பிவிட்டோம்.

இந்தச் சங்கிலியிலிருந்து பிரவுசர் ஏன் விலகிப் போனது? அந்தக் கேள்வி வெளியே போகும்போது எப்படி இருக்கும் என்று கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். `malware.testcategory.com` என்ற பெயருக்கு எண் கேட்கும் கேள்வி, மிக எளிய வடிவில், மொத்தம் 42 பைட்தான். முதல் 12 பைட் தலைப்பு. அடுத்து ஒரு 7, பிறகு malware என்ற ஏழு எழுத்து. ஒரு 12, பிறகு testcategory என்ற பன்னிரண்டு எழுத்து. ஒரு 3, பிறகு com. முடிந்தது என்று சொல்ல ஒரு பூஜ்யம். கூட்டிப் பாருங்கள், 26 பைட் வரும். கடைசியாக நான்கு பைட், எந்த வகைப் பதில் வேண்டும் என்பதற்கு. புள்ளிகள் எங்கே என்று தேடாதீர்கள். புள்ளிகளை அனுப்புவதே இல்லை, அவற்றின் இடத்தில்தான் அந்த எண்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

அந்த எழுத்துகள் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே போகின்றன என்பதுதான் விஷயம். அஞ்சலட்டையில் எழுதியதைத் தபால்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் அல்லவா, அதுபோலத்தான். வழியில் இருக்கும் எவரும் நீங்கள் எந்தத் தளத்தைத் தேடுகிறீர்கள் என்று படிக்கலாம். நடுவில் மறித்து, தவறான பதிலையும் எழுதி அனுப்பலாம். ரயில் நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ கிடைக்கும் இலவச வைஃபையில் இது நிஜமான ஆபத்து. அங்கே ரவுட்டரை வைத்திருப்பவர் யாரென்றே நமக்குத் தெரியாது. அவர் பரிந்துரைக்கும் டிஎன்எஸ் சர்வர் யாருடையது என்றும் தெரியாது.

இதற்கு மாற்றாக வந்த முறையைப் பொறியாளர்கள் 2018 அக்டோபரில் தரமாக வெளியிட்டார்கள். டிஎன்எஸ் கேள்வியை, வங்கித் தளங்களும் கடைத் தளங்களும் பயன்படுத்தும் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்புக்குள் வைத்து அனுப்புவது. அமைப்புகளில் இது `DNS over HTTPS` என்று இருக்கும். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட அதே கேள்விதான். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் வெறும் புரியாத பைட்டுகள்.

இன்னொரு மாற்றமும் உண்டு. ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் இணையத்தில் ஒரு வாசல் எண் இருக்கிறது, போர்ட் என்பார்கள். பழைய டிஎன்எஸ் 53-ஆம் வாசல் வழியாகப் போகும். புதியது 443-ஆம் வாசல் வழியாகப் போகும். சாதாரண வலைப்பக்கங்கள் எல்லாம் போகும் வாசலும் அதுவே. ஆகவே ரவுட்டருக்கு, மடிக்கணினி ஏதோ ஒரு தளத்துடன் பூட்டிய இணைப்பில் பேசிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். உள்ளே ஓடுவது டிஎன்எஸ் கேள்வியா, படமா, பாட்டா என்று தெரியாது. தன் பரிந்துரையை யாரும் கேட்கவில்லை என்பதுகூட அதற்குத் தெரியாது!

இந்த முறையில் யாரிடம் கேட்பது என்பதைப் பிரவுசரே வைத்துக்கொள்ளலாம். ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா, 2020 பிப்ரவரியில் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இதைத் தானாகவே இயக்கிவிடத் தொடங்கியது. கேட்கும் இடம் கிளவுட்ஃபிளேர். மற்ற நாடுகளில் எல்லா இடத்திலும் தானாக வராது. ஆனால் வேண்டுமென்பவர் அமைப்புகளில் போய் இயக்கிக்கொள்ளலாம்.

நம் கதையில் நடந்தது அதுதான். போன வருடம் கல்லூரி விடுதி வைஃபையை நம்பாமல் அண்ணனே அந்த மடிக்கணினியின் ஃபயர்பாக்ஸில் இதை இயக்கியிருந்தான். பிறகு மறந்துவிட்டான்.

"ஆனா அண்ணா, ரவுட்டர்ல இருக்கறதும் கிளவுட்ஃபிளேர், ஃபயர்பாக்ஸ் கேக்கறதும் கிளவுட்ஃபிளேர். ரெண்டும் ஒண்ணுதானே? அப்புறம் ஏன் பதில் மட்டும் மாறுது?"

நல்ல கேள்வி. நிறுவனம் ஒன்றுதான், சேவைகள் வேறு. 1.1.1.3-இடம் கேட்டால் வடிகட்டிய பதில். அண்ணன் ஃபயர்பாக்ஸில் தேர்ந்தெடுத்தது வடிகட்டாத சேவை; அது உள்ளதை உள்ளபடி சொல்லும்.

இதெல்லாம் ஊகம் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? சோதிக்கலாம். மடிக்கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, டிஎன்எஸ் கேள்வி கேட்பதற்கென்றே இருக்கும் `nslookup` என்ற கட்டளையைத் தட்டினார்கள்.

```
nslookup malware.testcategory.com

Address:  192.168.1.1

Name:     malware.testcategory.com
Address:  0.0.0.0
```

மேலே இருக்கும் எண் பதில் சொன்னவர் யார் என்பது: ரவுட்டர். கீழே அந்தப் பதில்: 0.0.0.0, அதாவது தடுக்கப்பட்டது. உங்கள் கணினியில் இன்னும் ஓரிரு வரிகள் கூடுதலாக வரலாம், பயப்பட வேண்டாம். அதே நொடியில், அதே மடிக்கணினியில், ஃபயர்பாக்ஸில் அந்தப் பக்கம் திறந்தே இருக்கிறது. காரணம், `nslookup` பிரவுசர் பக்கம் போகாது. வலைப்பின்னலிலிருந்து கணினிக்குக் கிடைத்த சர்வர் எதுவோ, அதனிடமே கேட்கும். அடுத்து, வேறொரு சர்வரிடம் கேட்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

```
nslookup malware.testcategory.com 1.1.1.1
```

கடைசியில் சேர்த்த 1.1.1.1 என்பது வடிகட்டாத சேவை. இந்தத் தடவை 0.0.0.0 வரவில்லை; உண்மையான ஐபி எண் வந்தது. ஃபயர்பாக்ஸுக்கு ரகசியமாகக் கிடைத்துக்கொண்டிருந்ததும் இந்த வகைப் பதில்தான்.

பழைய பதில் கணினியின் நினைவில் தங்கியிருப்பதால்தான் பக்கம் திறக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதுவும் நடக்கக்கூடியதே. டிஎன்எஸ் பதில்களைக் கணினியும் பிரவுசரும் கொஞ்ச நேரம் சேமித்து வைக்கும். ஆனால் அது நேரம் கடந்தால் தானாகத் தீர்ந்துவிடும். கணினியை அணைத்துப் போட்டாலும் தீரும். அணைத்துப் போட்ட பிறகும், கட்டளைச் சாளரம் 0.0.0.0 என்கிறது, பிரவுசர் பக்கத்தைக் காட்டுகிறது என்றால் பிரவுசர் தனியாக யாரையோ கேட்கிறது என்றுதான் பொருள். `Private Window` திறந்து பார்த்தாலும் மாற்றம் இருக்காது. அந்தச் சாளரம் நீங்கள் பார்த்த பக்கங்களின் பட்டியலைச் சேமிக்காதே தவிர, டிஎன்எஸ் ஏற்பாட்டைத் தொடாது.

ஃபயர்பாக்ஸிடமே நேராகக் கேட்கவும் ஒரு வழி இருக்கிறது. விலாசப் பட்டையில் `about:networking#dns` என்று தட்டினால், அது அண்மையில் தேடிய பெயர்களின் பட்டியல் வரும். அதில் `TRR` என்று ஒரு பத்தி. `true` என்றிருந்தால் அந்தப் பதில் பூட்டிய இணைப்பு வழியாக வந்தது. `false` என்றிருந்தால் இயங்குதளம் வழியாக வந்தது. தங்கை பார்த்தபோது சோதனைப் பெயருக்கு எதிரில் `true` என்று இருந்தது. வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

கைப்பேசியில் இருந்த குரோம் மட்டும் ஏன் சொன்னபடி கேட்டது? குரோமிலும் 2020-இலிருந்து இந்த வசதி இருக்கிறது, `Use secure DNS` என்ற பெயரில். ஆனால் அதன் இயல்பான போக்கு வேறு. கருவிக்குக் கிடைத்திருக்கும் டிஎன்எஸ் சர்வர் எது என்று பார்க்கும். அதே சர்வர் பூட்டிய முறையிலும் பதில் தரும் என்று தனக்குத் தெரிந்தால், ஆளை மாற்றாமல் முறையை மட்டும் மாற்றிக்கொள்ளும். இல்லையென்றால் பழைய முறையிலேயே கேட்கும். ஆகவே இந்த அமைப்பை யாரும் தொடாதவரை, ரவுட்டரில் செய்த மாற்றம் குரோமில் பெரும்பாலும் பலிக்கும். அதே அமைப்பில் யாராவது ஒரு நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துவிட்டால் குரோமும் ரவுட்டரைக் கேட்காது. இரண்டில் குரோமின் போக்குதான் வீடுகளுக்குச் சரி என்பது என் கட்சி. ஆளையே மாற்றுவதானால் வீட்டுக்காரருக்குத் தெரிந்து மாற்ற வேண்டும்.

ரவுட்டரில் வேறு ஏதாவது செய்து பிரவுசரை மடக்க முடியாதா என்று அண்ணனுக்குத் தோன்றியது. சில ரவுட்டர்களில், 53-ஆம் வாசல் வழியாகப் போகும் எல்லாக் கேள்விகளையும் மடக்கித் தன்னிடமே திருப்பிவிடும் வசதி இருக்கும். யாராவது கருவியில் வேறு டிஎன்எஸ் எண்ணைக் கையால் எழுதி வைத்திருந்தால் அவர்களை அது பிடித்துவிடும். பூட்டிய டிஎன்எஸ் போவதோ 443-ஆம் வாசலில். அதை மூடினால் கிட்டத்தட்ட இணையமே மூடிவிடும். பள்ளித் தளமும் வராது, பாட்டியின் வீடியோ அழைப்பும் சந்தேகம்.

இன்னொரு குறுக்கு வழி. பிரவுசருக்கு அந்த டிஎன்எஸ் சர்வரின் ஐபி எண்ணே முதலில் தெரிய வேண்டுமே, அதை யாரிடம் கேட்கும்? வேடிக்கையான சிக்கல்தான். சில பிரவுசர்கள் அந்த எண்ணை உள்ளேயே எழுதி வைத்திருக்கும். வேறு சில, அந்த ஒரே ஒரு கேள்வியை மட்டும் பழைய வழியில், ரவுட்டர் மூலமாகக் கேட்கும். அந்த இடத்தில் ரவுட்டர் பொய் எண்ணைச் சொன்னால் என்ன ஆகும்? பிரவுசர் அங்கே போய்ச் சான்றிதழைச் சோதிக்கும், பொருந்தாது, இது போலி என்று விலகிவிடும். அதன் பிறகு நடப்பது ஃபயர்பாக்ஸில் நீங்கள் வைத்திருக்கும் நிலையைப் பொறுத்தது. `Increased Protection` என்றால் பூட்டிய வழி கிடைக்காதபோது பழைய வழிக்கே திரும்பி ரவுட்டரைக் கேட்கும். `Max Protection` என்றால் எந்தத் தளத்தையும் உடனே திறக்காமல் எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டும். ஆகவே ஒரு சர்வரின் பெயரைத் தடுத்துப் பார்க்கலாம். ஆனால் இத்தகைய சர்வர்கள் உலகெங்கும் நிறைய இருக்கின்றன, புதிது புதிதாகவும் வருகின்றன. பட்டியல் போட்டு மாளாது.

பிரச்சினை இருக்கும் இடம் பிரவுசர். மருந்தும் அங்கேதான் போட வேண்டும். ஃபயர்பாக்ஸில் `Settings` போய், `Privacy & Security` என்ற பகுதியில் `DNS over HTTPS` என்பதைத் தேடினார்கள். அங்கே இரண்டு வழிகள் இருந்தன. `Off` என்று வைத்தால் ஃபயர்பாக்ஸ் ரவுட்டர் சொல்வதையே கேட்கும். தடுப்பு பலிக்கும், ஆனால் கேள்விகள் மறுபடியும் எல்லாரும் படிக்கும்படி போகும். இரண்டாவது, பூட்டிய முறையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்கும் இடத்தை மட்டும் மாற்றுவது. `Custom` என்பதைத் தேர்ந்தெடுத்து இந்த விலாசத்தை எழுத வேண்டும்:

```
https://family.cloudflare-dns.com/dns-query
```

இது 1.1.1.3 தரும் அதே வடிகட்டிய பதிலைப் பூட்டிய இணைப்பில் தருகிறது. அண்ணன் இதைத்தான் எழுதினான். ஃபயர்பாக்ஸை மூடித் திறந்து தங்கை சோதனைப் பெயரைத் தட்டினாள். பக்கம் வரவில்லை. மடிக்கணினியை வெளியூர் எடுத்துப் போனாலும் அந்தப் பிரவுசரில் இந்தத் தடுப்பு கூடவே போகும். பூட்டிய வழி கிடைக்கும்வரை, அங்கே இருக்கும் ரவுட்டர் யாரைப் பரிந்துரைத்தாலும் சரி. முதலில் தொல்லையாக இருந்த குணமே இப்போது உதவிக்கு வந்துவிட்டது.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இது ஒரு பிரவுசருக்கு மட்டும்தான். அதே மடிக்கணினியில் இருக்கும் இன்னொரு பிரவுசர் தன் சொந்த அமைப்புப்படி நடக்கும். விளையாட்டுச் செயலிகள் இயங்குதளத்தின் வழியே ரவுட்டரைக் கேட்கும். அதனால் ரவுட்டரில் எழுதிய 1.1.1.3-ஐ அழிக்கவில்லை, அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் `Private DNS` என்று இன்னொரு அமைப்பு உண்டு. அதில் யாராவது ஒரு பெயரை எழுதியிருந்தால் அந்தக் கைப்பேசி முழுவதுமே ரவுட்டரின் பரிந்துரையை விட்டுவிடும். அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

உங்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைத்தால், `nslookup` சோதனையைத் தாராளமாகச் செய்யலாம். அது எதையும் மாற்றாது, கேட்டுப் பதில் வாங்குவதோடு சரி. ரவுட்டரிலோ பிரவுசர் அமைப்பிலோ கை வைப்பதானால் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்த பிறகே அழியுங்கள்.